பர்வா நஹி

என் மேல் பழியைத் தூக்கிப் போட்ட மனிதர் மேல் எனக்குப் பெரிதாகக் கோபம் கிடையாது. அன்றைக்கும் அதிக நேரம் இருந்ததாக ஞாபகமில்லை. அவருக்குத் தன் தலை தப்பவேண்டும் என்ற கவலை; பக்கத்தில் இருந்த தலையைக் காட்டிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, என் பக்கத்து நாற்காலியில் ஃபைலைப் புரட்டிக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர் மேல்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணமாகிப் பூனாவுக்கு வந்து, போபோடியில் ஒரு சந்துக்குள் மாடி வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. நான் கோயமுத்தூரில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு பூனாவில் வேலை தேடியபோது, போன இடத்திலெல்லாம் சர்ட்டிபிகேட்டைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்கள். "மேடம், டைப்பிங் தெரியுமா?" என்று கேட்டவர்கள் உண்டு. தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். தெரியும்தான். தெரியும் என்று சொன்னால் டைப்பிங்தான் கொடுப்பார்கள்.

கடைசியில் போசரியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இன்ஸ்பெக்டராக எடுத்துக்கொண்டார்கள். இருசக்கர வண்டிகளுக்கு இரும்புத் தகட்டில் பிராக்கெட்டுகள் அடித்துக் கொடுக்கும் இடம். முதலில் தற்காலிகம்; திருப்தி இருந்தால் நிரந்தரம். அந்தத் 'திருப்தி' யாருக்கு வரவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது என்பது மட்டும் எனக்குத் தெரியும். போசரி, சிஞ்ச்வட் பக்கத்துக் குவாலிட்டிக்காரர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரு இடத்தில் 'கவனக்குறைவு' என்று பெயர் வந்துவிட்டால் அது நமக்கு முன்னால் போய் அடுத்த கேட்டில் நின்றுகொண்டிருக்கும்.

நடந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். இதில் புரியாத தொழில் ரகசியம் எதுவும் இல்லை.

ஒரு பிராக்கெட். அதில் இரண்டு துளைகள். வண்டிக் கம்பெனியில் அந்த இரண்டு துளைகளிலும் போல்ட் போட்டு வண்டியின் சட்டத்தோடு முடுக்குவார்கள். துளைகளுக்கு நடுவே இருக்கும் தூரம் சரியாக இருந்தால் இரண்டு போல்ட்டும் போகும். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒன்று போகும், இன்னொன்று போகாது. அவ்வளவுதான் விஷயம்.

துளை போடும் டூலில் ஒரு புதன்கிழமை மத்தியானம் குத்துமுனையான பஞ்ச் உடைந்துபோனது. டூல் ரூமில் மாற்றினார்கள். மாற்றுவதற்காகத் தகட்டை இடம் பார்த்து உட்காரவைக்கும் சின்னப் பின்னைக் கழற்றி, மறுபடி மாட்டினார்கள். மாட்டியவர்கள் சரியாக முடுக்கவில்லை. டூலை ரிப்பேர் செய்தால் முதலில் அடிக்கும் பீஸை எங்கள் குவாலிட்டி லேபுக்குக் கொண்டுவர வேண்டும். நாங்கள் அளவு பார்க்கும் ஃபிக்ஸ்சரில் உட்காரவைத்துப் பார்த்து, சரி என்றால்தான் மற்றதை அடிக்கவேண்டும். இது எல்லாக் கம்பெனியிலும் உள்ள சட்டம். சுவரில் மராட்டியில் எழுதி ஒட்டியும் இருந்தது.

அன்று சாயங்காலம் லேபில் இன்டர்காம் அடித்தது. புரொடக்ஷன் மேனேஜர். டூலை மெஷினில் ஏற்றியாகிவிட்டது, ஆனால் முதல் பீஸ் கொண்டுவர ஆளில்லை, லேட்டாகும், மாஃப் கரா மேடம் என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவர் அவ்வளவு மரியாதையாகச் சொன்னது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நானும் மரியாதையாக, "பர்வா நஹி ஸார்" என்றேன்.

அவர் போனை வைத்தார். நானும் வைத்தேன்.

கம்பெனி பஸ் புறப்படும் நேரம்வரை பீஸ் வரவில்லை. ஆள் இன்னும் கிடைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். முதல் பீஸ் வரவில்லை என்றால் மற்றதை அடிக்கும் ஓட்டமும் இல்லை. மறுநாள் வியாழன்; எங்கள் பகுதித் தொழிற்சாலைகளுக்குக் கரண்ட் தராத நாள், அதனால் அதுதான் வார விடுமுறை. இனி வெள்ளிதான் என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வியாழக்கிழமை பூராவும் துணி துவைத்தேன், இட்லிக்கு ஆட்டினேன், மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். என் பெயர் எங்கேயோ அடிபடப்போகிறது என்று ஒரு பல்லிகூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டிக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பிராக்கெட்டில் போல்ட் போகவில்லை. அவர்களுடைய அசெம்பிளி லைன் நின்றுபோய்விட்டது. இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. மோசமான சரக்கைக் கொடுத்தால் திட்டுவார்கள். லைனை நிறுத்தினால் திட்டக்கூட மாட்டார்கள், வேறு கம்பெனியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் ஆட்கள் டெம்போவில் ஓடினார்கள், அங்கே கிடந்த பெட்டிகளைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பெட்டிகளில், சோதித்துச் சரி பார்த்தாயிற்று என்பதற்கான பச்சை அட்டை தொங்கியது. அட்டையில் குவாலிட்டி முத்திரை இருந்தது. என் எண் பொறித்த முத்திரை.

அன்று சாயங்காலம் என்னுடைய குவாலிட்டி மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். மராட்டிக்காரர், மென்மையான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

"நாளைக்குக் காலையில ரிவ்யூ. பெரிய ஸார் உக்காருவாரு. நீங்களும் வரணும்" என்றார்.

"சரி ஸார்."

"புரொடக்ஷன்ல சொல்றாங்க, முதல் பீஸ் விஷயமா உங்களைக் கேட்டதுக்கு நீங்க பர்வா நஹின்னு சொன்னீங்களாம். நிஜமா?"

"ஆமா ஸார், சொன்னேன்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. மேற்கொண்டு ஏதாவது கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. "சரி, நாளைக்குப் பாக்கலாம்" என்று போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து டீ போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பூனாவில் வெகுகாலமாக இருப்பவர். மராட்டி தண்ணீர் பட்ட பாடு. சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார்.

"என்னன்னு சொன்ன?"

"பர்வா நஹின்னு சொன்னேனுங்க. அவரு லேட்டாகும், மன்னிச்சுக்கங்கன்னாரு. பரவாயில்லன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?"

"ஏம்புள்ள, இங்க பர்வா நஹின்னா பரவாயில்லைன்னு அர்த்தமில்ல. 'எனக்கென்ன வந்துச்சு'ன்னு அர்த்தம். 'எப்படியோ போ, எனக்குக் கவலையில்ல'ன்னு."

நான் அடுப்பை அணைத்தேன்.

அந்தச் சொல் இந்தப் பக்கத்திலிருந்துதான் நம் ஊருக்கு வந்திருக்கவேண்டும். வந்த இடத்தில் குணம் மாறி, நல்ல பிள்ளையாகிவிட்டது. நமக்குப் பரவாயில்லை என்றால் மன்னித்துவிட்டேன், சுமாராக நன்றாயிருக்கிறது, சிரமப்படாதே, உட்கார், இன்னும் என்னென்னவோ. அதை அப்படியே திருப்பி அதன் சொந்த ஊருக்கே கொண்டுவந்து நான் ஊரெல்லாம் இறைத்திருக்கிறேன்.

"வேற யாருட்டயெல்லாம் சொல்லியிருக்க?" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

யோசித்தேன். பால்காரர் தாமதமாக வந்து காரணம் சொன்னபோது. பஸ்ஸில் என் காலை மிதித்துவிட்டு ஓர் அம்மாள் பதறியபோது. கீழ்வீட்டுப் பெண், தன் பையன் எங்கள் துளசித் தொட்டியை உடைத்துவிட்டான் என்று கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றபோது. அவள் அதற்கப்புறம் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. தொட்டியையும் உடைத்துவிட்டு முகத்தையும் தூக்கிவைத்துக்கொள்கிறாளே, என்ன பெண் இவள் என்று நான் அவளைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன்.

"திமிர் புடிச்சவள்னு சந்துபூரா பேரு வாங்கிட்ட" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அழுகையும் வந்தது. வேலை போய்விடும் என்று சொல்லி அழுதேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, தானே அடுப்பைப் பற்றவைத்து டீயைச் சுடவைத்தார்.

"நாளைக்கு ஒண்ணு மட்டும் பண்ணு. கோவப்படாத. உனக்குக் கோவம் வந்தா ஹிந்தி ஓடிப்போயிரும், கோயமுத்தூர் பாஷையில திட்ட ஆரம்பிச்சுருவ. ஒருத்தனுக்கும் புரியாது. மெதுவாப் பேசு. தெரிஞ்ச சொல்லை மட்டும் வெச்சுப் பேசு."

பின்னால் கம்பெனியில் பலர் என்னிடம், "அன்னைக்கு எவ்வளவு நிதானமாப் பேசினீங்க மேடம்" என்று சொன்னார்கள். அந்த நிதானத்தில் பாதி என் ஹிந்திதான். வேகமாகப் பேசத் தெரியாது. அதற்குமேல் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

மீட்டிங் அறை, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்புக்கு நேர் மேலே இருந்தது. கீழே பெரிய பிரஸ் இறங்கும்போதெல்லாம் மேஜை மேலிருந்த டீ கிளாஸ்கள் லேசாக அதிரும். நடுவில் அந்தப் பிராக்கெட்டை வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் புரொடக்ஷன் மேனேஜரும், சரக்கு ஏற்றி அனுப்பும் டிஸ்பாட்ச் சூப்பர்வைசரும். எதிர்ப்பக்கம் என் மேனேஜரும் நானும். மேஜையின் தலைப்பக்கம் பெரிய ஸார். தொழிற்சாலை முழுக்க அவர் பொறுப்பு. அவருக்குப் பின்னால் ஸ்டாண்டில் ஒரு சார்ட் பேப்பர். பேச்செல்லாம் ஹிந்தியும் மராட்டியுமாக நடந்தது. எனக்குப் புரிந்தவரை தமிழில் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தப்பு நடந்தால் 'ஏன்' என்று கேட்கவேண்டும். பதில் வந்தால் அதற்கும் ஏன் என்று கேட்கவேண்டும். இப்படி அடுக்கடுக்காகக் கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் வேர் கிடைக்கும் என்று நம்பிக்கை. நடைமுறையில் மூன்றாவது ஏன், நான்காவது ஏன் வரும்போது யாராவது ஓர் ஆள் கிடைத்துவிடுவார். ஆள் கிடைத்ததும் எல்லோருக்கும் பசி வந்துவிடும். மீட்டிங் முடிந்துவிடும்.

பெரிய ஸார் மார்க்கரைத் திறந்தார். போல்ட் ஏன் போகவில்லை? துளை நகர்ந்திருக்கிறது. ஏன் நகர்ந்தது? ரிப்பேரின்போது கழற்றிய பின்னைச் சரியாக மாட்டவில்லை. டூல் ரூமில் அதை ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அதற்குமேல் அவர்களை யாரும் நோண்டவில்லை. அதை ஏன் கண்டுபிடிக்கவில்லை? முதல் பீஸைச் சோதிக்கவில்லை. ஏன் சோதிக்கவில்லை?

புரொடக்ஷன் மேனேஜர் என்னைப் பார்க்காமல் பிராக்கெட்டைப் பார்த்துச் சொன்னார்: "நான் முறையா லேபுக்குப் போன் பண்ணினேன் ஸார். மேடம் பர்வா நஹின்னுட்டாங்க. குவாலிட்டியே கவலையில்லைன்னா நான் என்ன பண்றது? முத்திரையும் அவங்களோடதுதான்."

 டிஸ்பாட்ச்காரர் உச்சுக்கொட்டினார். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. 

பெரிய ஸார் சொன்னார்: "காலையில வண்டிக் கம்பெனியில மறுபடி போன் பண்ணினாங்க. அவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். யார் பொறுப்பு, அந்த ஆள் மேல என்ன நடவடிக்கை. இன்னிக்கே பதில் போகணும்." பிறகு என்னிடம் திரும்பினார். "மேடம், அப்படிச் சொன்னீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இன்டர்காமில் பேசியதற்கு என்ன சாட்சி? ஆனால் இல்லை என்று சொன்னால் அதற்கப்புறம் நான் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள்.

"சொன்னேன் ஸார்."

"அப்ப முடிஞ்சுது" என்றார் புரொடக்ஷன் மேனேஜர். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. பெரிய ஸார் சார்ட் பக்கம் திரும்பி 'இன்ஸ்பெக்டர்' என்று எழுதிவிட்டு, அடுத்ததை எழுத மார்க்கரை நகர்த்தினார்.

நான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். என் மேனேஜர் ஃபைலில் ஏதோ ஒரு தாளைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஃபைலில் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். காலையில் அதை அடுக்கிக்கொடுத்ததே நான்தான்.

"ஸார், மேற்கொண்டு எழுதறதுக்கு முன்னால கொஞ்சம் நேரம் குடுங்க. என் ஹிந்தி மெதுவாத்தான் வரும்" என்றேன்.

மார்க்கர் நின்றது. நான் புரொடக்ஷன் மேனேஜரைப் பார்த்துக் கேட்டேன். "ஸார், போன்ல நீங்க என்ன சொன்னீங்க? அதை இங்க ஒரு தடவை சொல்றீங்களா?"

"முதல் பீஸ் லேட்டாகும், மாஃப் கரான்னு சொன்னேன்."

"லேட்டாகும்னு சொன்னீங்க. வராதுன்னு சொல்லல."

"வராதுன்னு சொல்லல. ஆனா…"

"சரி ஸார். எங்க பாஷையிலயும் அந்தச் சொல் இருக்கு. ஒருத்தர் மன்னிச்சுக்கங்கன்னு சொன்னா, அதைப் பெரிசா எடுத்துக்கலைன்னு சொல்றதுக்கு அதைச் சொல்லுவோம். லேட்டானாலும் காத்திருக்கேன்னு சொல்றதா நினைச்சுத்தான் நான் சொன்னேன். இங்க அதுக்கு வேற அர்த்தம்னு நேத்து சாயங்காலம் வீட்டுல சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

டிஸ்பாட்ச்காரர் சிரித்துவிட்டார். பெரிய ஸார் சிரிக்கவில்லை. "அர்த்தம் எதுவா இருந்தாலும், கேட்டவரு அப்படித்தானே எடுத்துக்கிட்டாரு?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் நான் வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஹிந்தியில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

"அப்படியே வெச்சுக்குவோம் ஸார். என் அர்த்தத்தை விட்டுருங்க. எனக்கென்ன, எனக்குக் கவலையில்லன்னே நான் சொன்னதா வெச்சுக்குங்க. அப்பவும் பெட்டி எப்படி வெளிய போச்சு?"

 கீழே பிரஸ் இறங்கியது. கிளாஸ்கள் அதிர்ந்தன.

"குவாலிட்டிக்காரி ஒருத்தி திமிராப் பேசினா, சரக்கு நிக்கணும் ஸார். போகக்கூடாது. பீஸ் லேபுக்கு வரல. நான் பாக்கல, யாரும் பாக்கல. பாக்காத பெட்டியில பச்சை அட்டை எப்படி வந்துச்சு?"

"அதுதான் சொன்னேனே, உங்க முத்திரை" என்றார் புரொடக்ஷன் மேனேஜர்.

நான் டிஸ்பாட்ச்காரர் பக்கம் திரும்பினேன். "அண்ணா, என் முத்திரை எங்க இருக்கும்?" ஹிந்தியில் பாயி என்றேன். அவரைத் தினமும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"வாசல் பக்கத்துல ஆணியில" என்றார் அவர், இதில் என்ன கேள்வி என்பதைப் போல.

சரக்கு ஏற்றும் சாயங்கால வண்டி, லேப்காரர்கள் பஸ் ஏறிய பிறகுதான் வரும். வண்டி காத்திருக்கக்கூடாது என்று லேபின் முத்திரைகளில் ஒன்றைக் கயிறு கட்டி டிஸ்பாட்ச் வாசலில் மாட்டிவைத்திருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த முத்திரையின் எண்ணைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். முத்திரை ஆணியிலேயே இருந்தது. எண் மட்டும் என்னுடையது. வண்டி வந்தால் பெட்டி எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், அட்டையில் ஒரு குத்து குத்துவார்கள், ஏற்றுவார்கள். இது எல்லோருக்கும் தெரியும். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பெரிய ஸாருக்குத் தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"அதை யாரு அங்க மாட்டினது?" என்றார்.

மாட்டியவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று, "வண்டி நிக்கக்கூடாது மேடம், அதனாலதான் இந்த ஏற்பாடு" என்று அவரே என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன். ஒரு வாக்கியம் போதும். 'நான்தான் ஸார், அது என் ஏற்பாடு.' அவர் ஃபைலில் ஒரு தாளைத் திருப்பினார்.

எனக்குத் தமிழ் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நான் சேர்றதுக்கு முன்னாலயே அங்க இருக்கு ஸார்" என்றேன். "யார் மாட்டினாங்க, புதன்கிழமை யார் குத்தினாங்கன்னு நான் கேக்கல. ஆணியில தொங்கினா யார் வேணும்னாலும் குத்தலாம். என்னை அனுப்பிட்டு நல்லா மராட்டி தெரிஞ்ச ஒருத்தரை எடுப்பீங்க. அவரு போன்ல தப்பாப் பேசமாட்டாரு. ஆனா ஆணி அங்கேயேதான் இருக்கும்."

பெரிய ஸார் மார்க்கரை மூடிக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் இன்னொன்றையும் சொல்லவேண்டியிருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் தப்பிக்கும் பேச்சாகிவிடும்.

"என் பங்கு ஒண்ணு உண்டு ஸார். பஸ் ஏறுறதுக்கு முன்னால பிரஸ் ஷாப்பை எட்டிப் பாத்திருக்கணும். பாக்கல. அதை எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன். கவலையில்லாதவள்னு எழுதாதீங்க."

அவர் எழுந்து, நான்காவது ஏன் என்பதற்கு நேராக ஏற்கெனவே எழுதியிருந்த 'இன்ஸ்பெக்டர்' என்ற ஒற்றைச் சொல்லைக் குறுக்கே அடித்தார். அதன் கீழே ஐந்தாவதாக ஒன்றை எழுதினார்: சோதிக்காத சரக்கு எப்படி வெளியே போக முடிந்தது? பிறகு புரொடக்ஷன் மேனேஜரிடம் முதல் பீஸ் ஏன் வரவே இல்லை என்று கேட்டார். ஆளில்லை, வண்டி வாசலில் நின்றது, வண்டிக் கம்பெனியில் சரக்கு தீர்ந்துபோயிருந்தது என்று அவர் சொன்னார். அதுவும் உண்மைதான். வண்டியை அனுப்பாமல் இருந்திருந்தால் வேறொரு மீட்டிங்கில் இதே நாற்காலியில் அவர் தனியாக உட்கார்ந்திருப்பார்.

மற்றதெல்லாம் வேலை. முத்திரை லேபை விட்டு வெளியே போகக்கூடாது. சாயங்கால வண்டி போகும்வரை லேபில் ஒருவர் இருக்கவேண்டும். அவருக்குத் தனி பஸ். பிரஸ் பக்கத்திலேயே இரண்டு பின் உள்ள, அளவு பார்க்கும் ஒரு சின்னக் கேஜ், பிராக்கெட் அதில் உட்கார்ந்தால்தான் ஓட்டம். ரிப்பேர் ஆன டூலுக்குச் சிவப்பு அட்டை, அதை லேப்தான் கழற்றவேண்டும். 'ஆள் மேல் நடவடிக்கை' என்ற இடத்தில் பெரிய ஸார் 'இல்லை' என்பதாக ஒரு கோடு போட்டார்.   

மீட்டிங் முடிந்து இறங்கும்போது பெரிய ஸார் நேராக டிஸ்பாட்ச் வாசலுக்குப் போய், முத்திரையைக் கயிற்றோடு உருவி என்னிடம் கொடுத்தார்.  ஆணியை அசைத்துப் பார்த்தார், வரவில்லை, விட்டுவிட்டார். அது அங்கேயே ரொம்ப நாள் இருந்தது. யாரோ காலண்டர் மாட்டினார்கள்.

புரொடக்ஷன் மேனேஜர் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "எனக்கு நிஜமாவே அப்படித்தான் கேட்டுச்சு மேடம்" என்றார். இருக்கலாம். வண்டி வாசலில் நிற்கும்போது ஒரு மனிதனுக்குத் தனக்குச் சௌகரியமான அர்த்தம்தான் காதில் விழும். அவர் எனக்கும் சேர்த்து டீ சொன்னார், குடித்தேன். அதற்கப்புறம் நான் இருந்தவரை முதல் பீஸைத் தன் கையாலேயே லேபுக்குக் கொண்டுவருவார். கீழ்வீட்டுப் பெண்ணிடமும் அந்த வாரமே போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தட்டு நிறையப் போஹா என்ற அவல் உப்புமா கொடுத்தாள்.

வேலையும் சில மாதங்களில் நிரந்தரமானது. அந்தத் திருப்தி யாருக்கு வந்தது என்று அப்போதும் யாரும் சொல்லவில்லை.

ஆனால் அதெல்லாம் அப்புறம். மீட்டிங் முடிந்த அன்று சாயங்காலம், எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது என் மேனேஜர் லேபுக்கு வந்தார். மேஜை மேலிருந்த முத்திரையைக் கையில் எடுத்து, அதன் அடியில் இருந்த என் எண்ணைப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"மேடம், நான் அங்க பேசியிருக்கணும். வீட்டுல பொண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம், இந்த நேரத்துல என் பேரும் அடிபட்டா… தப்பா நினைச்சுக்காதீங்க. மாஃப் கரா."

நல்ல மனிதர்தான்.  ஃபைலைப் புரட்டிய அந்த விரல்களைப் பார்த்தேன். காலையிலிருந்து மெதுவாகவே பேசிப் பேசி, என் ஹிந்தி அப்போது நன்றாகப் பழகியிருந்தது.

"பர்வா நஹி ஸார்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. காலையில் அந்தச் சொல்லுக்கு நான் சொன்ன அர்த்தத்தை அவரும் கேட்டிருந்தாரே. "தேங்க்யூ மேடம், தேங்க்யூ" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார்.

நான் பூனா அர்த்தத்தில்தான் சொன்னேன்.